மூன்று பவுனா, மூன்றரைப் பவுனா? பில் போடுமுன் பார்க்க வேண்டிய சுத்தத் தங்கக் கணக்கு

கல்யாணம் பேசி முடித்த வீட்டில் நகைப் பேச்சு எப்போதும் பவுனில்தான் நடக்கும். ஆனால் பவுன் என்பது எடையை மட்டும்தான் சொல்லும். எட்டு கிராம், அவ்வளவுதான். அந்த எட்டு கிராமுக்குள் தங்கம் எவ்வளவு, செம்பும் வெள்ளியும் எவ்வளவு என்பதைச் சொல்வது காரட். பவுன் என்ற பெயரைத் தந்த பழைய ஆங்கிலேயர் காலத்துத் தங்க நாணயமே 22 காரட்தான். 7.988 கிராம் எடையுள்ள அந்தக் காசில் 7.322 கிராம்தான் சுத்தத் தங்கம். அதனால் நம் ஊரில் "ஒரு பவுன்" என்றால் ஏறக்குறைய 7.33 கிராம் தங்கம் என்று பொருள் கொண்டது சரியாகவே இருந்தது. கடையில் 18 காரட்டும் 14 காரட்டும் வந்த பிறகு அந்தப் பொருள் தானாகக் கிடைக்காது. கணக்குப் போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

கணக்கு ஒன்றும் பெரிதில்லை. 24 காரட் என்றால் முழுத் தங்கம். 22 காரட் என்றால் 24 பங்கில் 22 பங்கு, அதாவது 91.67 சதவீதம். 18 காரட் 75 சதவீதம், 14 காரட் 58.3 சதவீதம். முத்திரையில் இதையே ஆயிரத்துக்கு எத்தனை என்று போடுவார்கள்: 916, 750, 585. 22-ஐ 24-ஆல் வகுத்தால் 916.67 வரும், முத்திரையில் 916 என்றுதான் இருக்கும். மூன்று பவுனில் இந்த வித்தியாசம் 16 மில்லிகிராம் மட்டுமே, அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

சுத்தத் தங்கம் = நிகர எடை × காரட் ÷ 24

இந்த வரியில் எல்லோரும் காரட்டைத்தான் பார்க்கிறார்கள். தவறு நடப்பது பெரும்பாலும் "நிகர எடை" என்ற இடத்தில். அதற்குப் பிறகு வருகிறேன்.

கையில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாகர்கோவில் மணிமேடைப் பக்கமோ மார்த்தாண்டத்திலோ கடைக்குப் போனால் இந்தப் பணத்துக்கு நான்கு வகைப் பொருளை எடுத்து முன்னால் வைப்பார்கள்: சாதா 22 காரட் சங்கிலி, கல் வைத்த 22 காரட் நகாசு மாலை, 18 காரட் சங்கிலி, 24 காரட் நாணயம். நான்கிலும் எடை வேறு, சேதாரம் வேறு. அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் எது லாபம் என்று கண்ணுக்குத் தெரியாது. ஒரு கிராம் சுத்தத் தங்கத்துக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்று நான்கையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தால் உடனே தெரியும்.

கணக்கு எளிதாக இருக்க, சுத்தத் தங்கம் கிராம் 10,000 ரூபாய் என்று எடுத்துக்கொள்கிறேன். அன்றன்றைய விலை வேறாக இருக்கும், விகிதம் மாறாது. அப்படியானால் 22 காரட் கிராம் 9,160, 18 காரட் கிராம் 7,500. சேதார சதவீதங்கள் உதாரணத்துக்கு எடுத்தவை. உங்கள் கடை சொல்வதை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் 22 காரட் சாதா சங்கிலி, மூன்று பவுன், 24 கிராம். தங்கத்தின் விலை 2,19,840. சேதாரம், செய்கூலி எல்லாம் சேர்த்து 8 சதவீதம் என்றால் 17,587. அதன்மேல் 3 சதவீதம் ஜிஎஸ்டி. மொத்தம் 2,44,550 ரூபாய். உள்ளே இருப்பது 21.98 கிராம் சுத்தத் தங்கம். ஒரு கிராமுக்கு 11,124 ரூபாய் விழுகிறது.

அடுத்தது 18 காரட். கிராம் விலை குறைவு என்பதால் அதே பணத்துக்கு 28 கிராம், அதாவது மூன்றரைப் பவுன் கிடைக்கும். இந்த வகையில் மெஷின் வேலை அதிகம், சேதாரத்தை 12 சதவீதம் என்று வைப்போம். மொத்தம் 2,42,256 ரூபாய். சுத்தத் தங்கம் 28 × 0.75 = 21 கிராம். தராசில் அரைப் பவுன் கூடுதல், தங்கத்தில் ஏறக்குறைய ஒரு கிராம் குறைவு. "அதே காசுக்கு அரைப் பவுன் கூட வருது" என்று சொல்லிக் கொடுப்பவர் பொய் சொல்லவில்லை, ஆனால் கூட வந்தது செம்பும் வெள்ளியும்தான். ஒரு கிராம் சுத்தத் தங்கத்துக்கு 11,536 ரூபாய் ஆகிறது.

இங்கே இன்னொன்றையும் சரிபார்க்க வேண்டும். பலகையில் 22 காரட் விலை மட்டும் எழுதியிருக்கும், 18 காரட் விலையைக் கேட்டால்தான் சொல்வார்கள். 22 காரட் விலையை 18-ஆல் பெருக்கி 22-ஆல் வகுத்துப் பாருங்கள். 9,160 என்றால் 7,495 வரும். 916-க்கும் 916.67-க்கும் உள்ள இடைவெளியால் ஐந்து ரூபாய் முன்பின் இருக்கும். கடை 7,800 சொன்னால் அந்த முந்நூறு ரூபாய் தங்கத்துக்கான விலை இல்லை. அது சேதாரத்தின் இன்னொரு பெயர்.

நகாசு மாலைக்குத்தான் கொஞ்சம் நின்று கணக்குப் பார்க்க வேண்டும். நம் மாவட்டத்துக்கு இது சொந்த வேலை. வடசேரி ஆசாரிமார் செய்யும் கோவில் நகைக்குப் புவிசார் குறியீடே உண்டு. சிவப்புக் கெம்பு பதித்து, உள்ளே அரக்கு நிரப்பி, மேலே தெய்வ உருவங்கள் எழும்பி நிற்கும் அந்த வேலைக்கு உழைப்பு அதிகம், கூலியும் அதிகம். அது நியாயம். ஆனால் ஆடல் அரங்குக்கான செட்டுகள் பெரும்பாலும் வெள்ளியில் செய்து தங்க முலாமோ தங்கத் தகடோ போட்டவை. அவற்றுக்குக் காரட் கணக்கே பொருந்தாது. பார்வையில் இரண்டும் ஒன்றுபோல இருக்கும் என்பதால் கல்யாணத்துக்கு வாங்குபவர் தங்கத்தில் செய்ததுதானா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

தங்கத்தில் செய்த 22 காரட் மாலை, தராசில் 24 கிராம் என்று வைப்போம். கெம்பும் அரக்கும் சேர்ந்து 2.5 கிராம். நிகரம் 21.5 கிராம். தங்க விலை 1,96,940, சேதாரம் 18 சதவீதம் 35,449, கல்லுக்கு 6,000, ஜிஎஸ்டி சேர்த்து 2,45,541 ரூபாய். சுத்தத் தங்கம் 19.69 கிராம், கிராமுக்கு 12,468. சாதா சங்கிலியைவிடக் கிராமுக்கு 1,344 ரூபாய் கூடுதல். இது வேலைப்பாட்டுக்குக் கொடுக்கும் விலை. தெரிந்து கொடுத்தால் நஷ்டம் என்று சொல்ல மாட்டேன்.

நஷ்டம் வருவது வேறு இடத்தில். அதே மாலைக்கு 24 கிராமும் தங்கம் என்றே பில் போட்டுவிட்டால், கல்லும் அரக்கும் தங்க விலைக்குப் போகும். 2.5 கிராம் × 9,160, அதன்மேல் சேதாரம், அதன்மேல் வரி: 27,833 ரூபாய். கல்லுக்கான 6,000-ஐத் தனியாகவும் வாங்கியிருப்பார்கள். ஆகவே தராசில் வைத்தவுடன் "அண்ணாச்சி, கல்லும் அரக்கும் போக நெட் எவ்வளவு?" என்று கேட்டு, அந்த எண் பில்லில் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். வைரம் வைத்த நகையில் இன்னொரு குழப்பம் உண்டு. வைரத்துக்குச் சொல்லும் காரட் எடை, தங்கத்துக்குச் சொல்லும் காரட் தரம். ஒரு காரட் வைரம் 0.2 கிராம். 18 காரட் மோதிரத்தில் அரைக் காரட் வைரம் என்றால் நிகர எடையில் 0.1 கிராமைக் கழிக்க வேண்டும்.

நான்காவது நாணயம். 999 தரத்தில் 23 கிராம், செய்கூலி 3 சதவீதம் என்றால் வரியோடு 2,44,007 ரூபாய். உள்ளே 22.98 கிராம். கிராமுக்கு 10,620 ரூபாய். நான்கில் இதுதான் மலிவு.

| பொருள் | தராசு எடை (கி) | சுத்தத் தங்கம் (கி) | கொடுத்த பணம் (ரூ) | சுத்தத் தங்கம் கிராமுக்கு (ரூ) |
|---|---|---|---|---|
| 24 காரட் நாணயம் | 23 | 22.98 | 2,44,007 | 10,620 |
| 22 காரட் சாதா சங்கிலி | 24 | 21.98 | 2,44,550 | 11,124 |
| 18 காரட் சங்கிலி | 28 | 21.00 | 2,42,256 | 11,536 |
| 22 காரட் நகாசு மாலை | 24 | 19.69 | 2,45,541 | 12,468 |

மலிவு என்பதால் நாணயமே நல்லது என்று சொல்லிவிட முடியாது. ஆறு மாதத்தில் கல்யாணம் என்றால், அந்த நாணயத்தைக் கொடுத்து நகை எடுக்கும்போது சேதாரமும் வரியும் அப்போதும் கொடுக்க வேண்டிவரும், நாணயத்துக்குக் கொடுத்த செய்கூலி வீணாகும். பிள்ளைக்கு இன்னும் பத்து வருடம் இருக்கிறது, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கிறோம் என்பவருக்கு நாணயம் பொருந்தும். அவசரத்துக்கு வங்கியில் வைக்க நினைப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நகைக்கடனுக்குத் தங்கக் கட்டியை எடுக்க மாட்டார்கள், நாணயத்துக்கும் எடை வரம்பு உண்டு. நகை என்றால் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் 18 காரட் நகைக்கு அதன் தரத்துக்கு ஏற்பத்தான் மதிப்புப் போடுவார்கள். மேலே சொன்ன 28 கிராம் சங்கிலி அங்கே 22 காரட்டில் 22.93 கிராமுக்குத்தான் சமம். கல்லின் எடையும் கழிந்துவிடும்.

தாலிச் சங்கிலிக்கும், பெண்ணுக்குப் போடுகிற பெரிய உருப்படிகளுக்கும் 22 காரட் சாதா வேலையே என் தேர்வு. திரும்ப மாற்றும்போது கை கடிக்காது. தினமும் விரலில் கிடக்கும் கல் மோதிரம், கம்மல் போன்றவற்றுக்கு 18 காரட்டை எடுப்பேன். செம்பும் வெள்ளியும் கூடுவதால் அது கடினமானது, கல்லைப் பிடித்திருக்கும் நகங்கள் சீக்கிரம் வளையாது. நான்கு கிராம் மோதிரத்தில் அந்தத் தங்கக் குறைவு பெரிய தொகையும் இல்லை. மூன்றரைப் பவுன் என்று ஊருக்குச் சொல்வதற்காக மட்டும் 18 காரட்டில் கனமான சங்கிலி எடுப்பதுதான் எனக்கு ஏற்பில்லாதது.

இனி வீட்டில் கிடக்கும் பழைய சங்கிலி. அம்மாவின் மூன்று பவுன், கொக்கியில் கேடிஎம் என்று அடித்திருக்கும். இதை மாற்றிப் புதிது எடுப்பதா, அப்படியே மெருகு போட்டுக் கொடுப்பதா என்பது பல வீடுகளில் வரும் கேள்வி. கேடிஎம் என்பது தரத்தின் பெயரே இல்லை. காட்மியம் கலந்த பற்றாசால் ஒட்டியது என்று அர்த்தம், அவ்வளவுதான். கண்ணிகளின் தங்கம் 22 காரட்டாக இருந்தாலும் இருக்கலாம், 20 காரட்டாக இருந்தாலும் இருக்கலாம்.

கடையில் மெஷினில் வைத்துப் பார்த்தால் 89 என்று காட்டுகிறது, உருக்கிப் பார்த்தால் 84 என்கிறார்கள். ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டை வருவது இந்த இடத்தில்தான். இரண்டு எண்ணும் உண்மையாக இருக்க வாய்ப்புண்டு. எக்ஸ்ரே மெஷின் மேல்தோலை மட்டும்தான் படிக்கும். பல வருடம் அமிலத்தில் போட்டு மெருகேற்றிய நகையின் மேல்பரப்பில் செம்பு கரைந்து போயிருக்கும், தங்கம் கூடித் தெரியும். உருக்கினால் உள்ளே இருக்கும் கலவையும், நூற்றுக்கணக்கான கண்ணிகளை ஒட்டிய பற்றாசும் ஒன்றாகக் கலந்து உண்மையான சராசரி வரும். பற்றாசு சீக்கிரம் உருக வேண்டும் என்பதால், காட்மியம் இல்லாத பற்றாசால் ஒட்டிய இடங்களில் தங்கம் குறைவாகவே இருக்கும்.

24 கிராம் சங்கிலி உருக்கிய பிறகு 23.6 கிராம், தரம் 84 சதவீதம் என்று வந்தால், சுத்தத் தங்கம் 19.82 கிராம். 916-ஆல் மாற்றினால் 22 காரட்டில் 21.64 கிராம். பணமாக 1,98,240 ரூபாய். இது நியாயமான கணக்கு. இதற்குமேல் "மெல்ட்டிங் லாஸ்" என்று இன்னும் இரண்டு சதவீதம் பிடித்தால் ஒரே நஷ்டத்தை இருமுறை எடுக்கிறார்கள் என்று பொருள். உருக்கிய பிறகு எடை போட்டாயிற்று, அழுக்கும் தேய்மானமும் அந்த 0.4 கிராமில் ஏற்கெனவே போய்விட்டது. அந்த இரண்டு சதவீதம் 3,965 ரூபாய்.

இப்போது மாற்றத்தின் முழு விலையைப் பாருங்கள். புதுச் சங்கிலி 2,44,550. பழையதற்குக் கிடைத்தது 1,98,240. கையிலிருந்து போவது 46,310 ரூபாய். வீட்டிலுள்ள சுத்தத் தங்கம் 19.82-லிருந்து 21.98 ஆகிறது, 2.16 கிராம் கூடுகிறது. அதன் மதிப்பு 21,600 ரூபாய். மிச்சம் 24,710 ரூபாய் சேதாரத்துக்கும் வரிக்கும். சங்கிலி அறுந்து அறுந்து ஒட்டப்பட்டது, கண்ணிகள் தேய்ந்து கம்பியாகிவிட்டது என்றால் மாற்றுவதில் அர்த்தம் உண்டு. நன்றாக இருக்கும் சங்கிலியை முத்திரை இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மாற்ற வேண்டியதில்லை. முத்திரை இல்லாத பழைய நகையை வைத்திருக்கவும் கடையில் விற்கவும் தடை ஏதும் இல்லை.

உருக்காமலே தரத்தை ஓரளவு கணிக்க வீட்டில் ஒரு வழி இருக்கிறது. 0.01 கிராம் காட்டும் சின்ன எலக்ட்ரானிக் தராசு வேண்டும். கல் இல்லாத, உள்ளே பொள்ளல் இல்லாத கெட்டி வளையல் ஒன்று, 16 கிராம் என்று வைப்போம். தராசில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்து அளவைப் பூஜ்யமாக்குங்கள். வளையலை மெல்லிய நூலில் கட்டி, கிண்ணத்தின் அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுவதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். தராசு இப்போது காட்டும் எண் வளையல் ஒதுக்கிய தண்ணீரின் எடை. 16-ஐ அந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி. 0.90 காட்டினால் 17.8, இது 22 காரட்டுக்குரியது (17.6 முதல் 18.0 வரை). 0.96 என்றால் 16.7, இருபது காரட் பக்கம். 1.05 என்றால் 15.2, பதினெட்டு காரட். வளையலில் ஒட்டிய சின்னக் காற்றுக் குமிழ்கூட எண்ணைக் கூட்டித் தரத்தைக் குறைத்துக் காட்டும், ஆட்டி உதறிவிட்டுப் பார்க்க வேண்டும். நான்கு கிராம் மோதிரத்துக்கு இந்த முறை உதவாது. அங்கே தராசின் 0.01 பிழையே ஒரு காரட்டுக்குமேல் இழுத்துவிடும். டங்ஸ்டன் வைத்து ஏமாற்றியதையும் இது காட்டிக்கொடுக்காது, அதன் அடர்த்தி தங்கத்துக்கு மிக அருகில்.

புது நகைக்கு இந்தப் பாடு தேவையில்லை. 2023 ஏப்ரல் 1 முதல் விற்கும் ஹால்மார்க் நகையில் மூன்று குறிகள் இருக்க வேண்டும்: முக்கோண பிஐஎஸ் முத்திரை, 22K916 போன்ற தரம், ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த தனி அடையாளம். இரண்டு கிராமுக்குக் குறைந்த உருப்படிக்கு இது கட்டாயமில்லை. லென்ஸைக் கேட்டு வாங்கி அந்த ஆறையும் படித்து, BIS Care செயலியில் Verify HUID பகுதியில் போடுங்கள். தரத்தை மட்டும் பார்த்து மூடிவிடக் கூடாது. பொருளின் வகையையும் பாருங்கள். கையில் சங்கிலி இருக்க, செயலி மோதிரம் என்று காட்டினால் அந்த எண் வேறொரு நகையிலிருந்து வந்தது.

களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரத்தில் எடுக்கலாமா என்பவர்களுக்கும் இதே அளவுகோல்தான். இரண்டு பக்கமும் பலகை விலை அன்றன்று கொஞ்சம் மாறும். சேதாரத்தில் இரண்டு சதவீதம் கூடினால் அந்த வித்தியாசம் பறந்துவிடும். பலகை விலையை விட்டுவிட்டு, மொத்த பில் தொகையைச் சுத்தத் தங்கக் கிராமால் வகுத்துப் பாருங்கள்.

பில்லில் ஒவ்வொரு உருப்படிக்கும் மொத்த எடை, கல் எடை, நிகர எடை, தரம், சேதாரம், கல் விலை, ஹால்மார்க் கட்டணம் தனித்தனியாக இருக்கட்டும். பின்னால் சோதனை மையத்தில் தரம் குறைந்திருப்பது தெரிந்தால் இந்தக் காகிதம்தான் பேசும். 916 என்று விற்ற 24 கிராம் சங்கிலி 890 என்று வந்தால் குறைவு 0.624 கிராம், மதிப்பு 6,240 ரூபாய். பிஐஎஸ் விதிகளின்படி கடை அதைப்போல் இரண்டு மடங்கு, 12,480 ரூபாயும் சோதனைக் கட்டணமும் தர வேண்டும். அந்தத் தொகையைப் போடுவது விற்ற எடையை வைத்துத்தான், அதனால் எஸ்டிமேட் துண்டுச் சீட்டோடு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள்.